ஒரு நாளா, எட்டரையா? கிளிநொச்சிக் கிளையில் ஒரு லீவுக் கணக்கு

2025 டிசம்பர் இரண்டாம் கிழமை, கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் இருக்கும் ஒரு கிளையிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். தலைமையகம் கொழும்பில். இங்கே தண்ணீர்ப் பம்பியும் உழவு இயந்திர உதிரிப்பாகமும் விற்கிறார்கள். முன்பக்கம் கடையும் அலுவலகமும், பின்வளவில் ஒரு சிறிய பட்டறை. எனக்கு அங்கே சம்பள வேலை இல்லை. இந்தப் பக்கத்தில் நாலைந்து இடங்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பதும் கடிதங்களை மொழிபெயர்ப்பதும்தான் தொழில்.

விஷயம் இதுதான். கடையில் ஒன்றரை வருடமாக வேலை செய்யும் ஒரு தம்பிக்கு வருடாந்த லீவில் ஒரு நாள்தான் மிச்சம் என்று தலைமையகம் தாள் அனுப்பியிருந்தது. தம்பியின் கையில் நிறுவனக் கொள்கையின் தமிழ்ப் பிரதி இருந்தது. அதை வைத்து அவர் தன் கொப்பியில் எட்டரை நாள் என்று கணக்குப் போட்டிருந்தார். அத்தனையும் 2026க்குக் கொண்டுபோகலாம் என்றும் நம்பியிருந்தார்.

“அக்கா, நான் கூட்டினது பிழையெண்டால் சொல்லுங்கோ. ஆனா ஒரு நாள் எண்டிறது நியாயமில்லை,” என்றார்.

இரண்டுமே பிழை. சரியான மிச்சம் ஐந்தரை நாள். அந்த ஐந்தரைக்கு வந்து சேர எனக்கு மூன்று பின்னேரங்கள் போயின. கூட்டல் கழித்தலுக்குச் செலவானது அரை மணித்தியாலம்கூட இல்லை. மற்ற நேரமெல்லாம் கொள்கையின் ஆங்கிலத்தையும் தமிழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கே எந்தச் சொல் விழுந்துபோனது என்று தேடுவதிலேயே போனது.

தமிழ்ப் பிரதி

முதலில் கண்ணில் பட்டது ‘விடுப்பு’. பிரதி முழுக்க ‘தற்செயல் விடுப்பு’, ‘ஈட்டிய விடுப்பு’ என்று எழுதியிருந்தது. இந்திய அலுவலகச் சொல்லகராதி ஒன்றைப் பார்த்து யாரோ செய்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் அது பிழையில்லாத, நல்ல சொல். நம் பக்கத்தில் ‘விடுப்பு’ என்றால் அடுத்த வீட்டு வேலிக்குள் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்ப்பது. “தற்செயலா விடுப்புப் பார்க்கிறதுக்கும் கொம்பனி நாள் குடுக்குதோ” என்று பட்டறையில் ஒருவர் கேட்டு எல்லோரும் சிரித்ததாகச் சொன்னார்கள். சிரிப்பு இருக்கட்டும், அதனால் வந்த நட்டம் வேறு. விளங்காத சொல் என்பதால் யாரும் அந்தப் பிரதியை ஒழுங்காக வாசிக்கவில்லை. வாசித்திருந்தால் அடுத்த பிழைகள் அப்போதே பிடிபட்டிருக்கும்.

நான் ‘லீவு’ என்றே எழுதினேன். இலங்கையில் அரசாங்கப் படிவங்களிலும் புழங்கும் சொல் அது. ‘விடுமுறை’ என்று எழுதினால் இன்னொரு சிக்கல் வரும். போயா நாளும் விடுமுறை, ஊழியர் கேட்டு எடுக்கும் நாளும் விடுமுறை என்றாகிவிடும். லீவுக் கணக்கில் இந்த இரண்டும் கலக்கவே கூடாது. ஆகவே கடை பூட்டும் நாளுக்கு ‘விடுமுறை நாள்’, ஊழியர் தன் கணக்கிலிருந்து எடுக்கும் நாளுக்கு ‘லீவு’ என்று பிரித்து, முதல் பக்கத்திலேயே இரண்டு வரியில் சொல்லிவிட்டேன். கெஷுவல் லீவைத் தாளில் ‘சமயோசித லீவு’ என்று எழுதுவது வழக்கம். பேச்சில் எல்லோருக்கும் அது கெஷுவல்தான். இந்தக் கட்டுரையிலும் அப்படியே விடுகிறேன்.

சொல்லை மாற்றுவது எளிது. வாக்கியத்திலிருந்து விழுந்துபோன சொற்கள்தான் பணமாகவும் நாளாகவும் வந்து நின்றன. அப்படி நான்கு இடங்கள் கிடைத்தன.

முதலாவது, ஆங்கிலத்தில் “பாவிக்காத வருடாந்த லீவு” அடுத்த வருடத்துக்குக் கொண்டுசெல்லப்படலாம் என்று இருந்தது. தமிழில் “பயன்படுத்தாத விடுப்பு” என்று மட்டும் இருந்தது. ‘வருடாந்த’ போனதால் கெஷுவல் லீவும் அதற்குள் வந்துவிட்டது. தம்பியின் எட்டரை நாளில் மூன்று நாள் இந்த ஒரு சொல்லால் வந்தது.

இரண்டாவது, அதே பந்தியில் உச்சவரம்பு. ஐந்து நாள், அல்லது அந்த வருடத்துக்கு உரித்தான லீவில் பாதி, இரண்டில் எது குறைவோ அது. தமிழில் “ஐந்து நாட்கள் அல்லது பாதி” என்பதோடு வாக்கியம் முடிந்திருந்தது. ‘எது குறைவோ அது’ இல்லாவிட்டால், தனக்கு வசதியானதை ஊழியர் எடுத்துக்கொள்ளலாம் என்றுதானே யாரும் விளங்கிக்கொள்வார்கள்? பதினான்கு நாள் உள்ளவர் ஏழைக் கேட்பார், நிறுவனம் ஐந்தைக் காட்டும்.

மூன்றாவது, எப்போதிலிருந்து வருடாந்த லீவு எடுக்கலாம் என்பது. ஆங்கிலத்தில், சேர்ந்த வருடத்துக்கு அடுத்த நாட்காட்டி வருடத்திலிருந்து. தமிழில், “பணியில் சேர்ந்து ஓராண்டு நிறைவடைந்த பின்”. 2024 நடுப்பகுதியில் சேர்ந்தவருக்கு ஆங்கிலத்தின்படி 2025 ஜனவரி 1 முதல் லீவு திறந்துவிடும். தமிழின்படி 2025 நடுப்பகுதி வரை காத்திருக்க வேண்டும். கிளை முகாமையாளரும் தமிழ்ப் பிரதியைத்தான் பார்த்து நடத்தினார். மார்ச்சில் புதுக்குடியிருப்பில் அப்பம்மாவுக்குச் சுகமில்லை என்று தம்பி இரண்டு நாள் கேட்டபோது, “இன்னும் வருசம் முடியேல்லை, கெஷுவலில எடும்” என்று சொல்லியிருக்கிறார். மனதறிந்து செய்த அநியாயம் அல்ல, தாளில் இருந்ததைத்தான் சொன்னார்.

நான்காவது, நாட்களை எண்ணுவது. ஆங்கிலத்தில் வேலை நாட்களாக எண்ண வேண்டும், சனிக்கிழமை அரை நாள். தமிழில் ‘வேலை’ விழுந்து ‘நாட்களாக’ மட்டும் நின்றது. லீவுப் படிவத்தில் ‘முதல்’, ‘வரை’ என்று இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. நடுவில் ஞாயிறு வந்தாலும் வராவிட்டாலும் முகாமையாளர் நேராக எண்ணி எழுதினார்.

இதையெல்லாம் தலைமையகத்துக்கு எழுதியபோது அவர்கள் முதலில் காட்டியது கொள்கையின் கடைசிப் பந்தி. இரு பிரதிகளும் முரண்பட்டால் ஆங்கிலமே செல்லும் என்று அது சொல்கிறது. அப்படியானால் எண்ணும் விதத்திலும் ஜனவரியிலிருந்து லீவு திறக்கும் விஷயத்திலும் ஆங்கிலம் தம்பிக்குச் சாதகம், கெஷுவலைக் கொண்டுபோவதில் பாதகம். இரண்டையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ளச் சொன்னேன். ஏற்றார்கள். ஆனால் ஆங்கிலப் பிரதிக்கும் மேலே சட்டம் இருக்கிறது. இந்தக் கணக்கின் உண்மையான திருப்பம் அங்கேதான்.

சேர்ந்த திகதி எது?

கடையிலும் அலுவலகத்திலும் வேலை செய்கிறவர்களுக்கு 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் பொருந்தும். அதன்படி முதல் நாட்காட்டி வருடத்தில் வருடாந்த லீவு கிடையாது. இரண்டாவது வருடத்தில் எத்தனை நாள் என்பது முதல் வருடத்தில் எந்தக் காலாண்டில் வேலை தொடங்கியது என்பதைப் பொறுத்தது. ஜனவரி முதல் மார்ச் முடிவுக்குள் என்றால் 14. ஏப்ரல் முதல் யூன் முடிவுக்குள் என்றால் 10. யூலை முதல் செப்டெம்பர் முடிவுக்குள் என்றால் 7. ஒக்டோபர் அல்லது அதற்குப் பின் என்றால் 4. அதற்கடுத்த வருடங்களில் எல்லோருக்கும் 14.

இது சாய்தளம் இல்லை, படிக்கட்டு. மார்ச் 31க்கும் ஏப்ரல் 1க்கும் நடுவில் நான்கு நாள் விழும். நிறுவனக் கொள்கையின் ஆங்கிலம் இதை ‘சட்டத்தின்படி புரோ ராட்டா’ என்று சுருக்கியிருந்தது. தமிழில் அது ‘விகிதாசாரப்படி’ ஆகி, ‘சட்டத்தின்படி’ காணாமல் போனது. விகிதாசாரம் என்று கேட்டவுடன் எவரும் பதினான்கைப் பன்னிரண்டால் பிரித்து மாதத்தால் பெருக்கத்தான் பார்ப்பார்கள். கிளை முகாமையாளர் அப்படிப் போட்டுப் பார்த்து 7 கண்டார். தலைமையகத்தின் தாளிலும் 7 இருந்தது. இரண்டு வழியாலும் ஒரே விடை வந்ததால் யாருக்கும் சந்தேகம் எழவில்லை.

நான் தலைமையகத்திடம் எந்தத் திகதியை எடுத்தீர்கள் என்று கேட்டேன். 2024 யூலை 1, திங்கட்கிழமை. நியமனக் கடிதத்தில் அப்படித்தான் இருக்கிறது. யூலை 1 என்றால் சட்டப்படியும் 7தான். சரி, முடிந்தது என்று மூடியிருப்பேன். அப்போது தம்பி பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார்.

“முதல் ரெண்டு நாள் வவுனியாவில பம்பி பழக்கினவை அக்கா. அதுக்குப் பிறகுதான் இஞ்ச வந்தனான்.”

“அந்த ரெண்டு நாளுக்குக் காசு தந்தவையோ?”

“ஓம், யூலைச் சம்பளத்தோட சேர்த்துத் தந்தவை.”

பழைய சம்பளச் சீட்டைத் தேடச் சொன்னேன். யூலைச் சீட்டில் தனி வரியாக ‘யூன், 2 நாள்’ என்று இருந்தது. அதிலும் முக்கியம், அந்தத் தொகைக்கும் ஊழியர் சேமலாப நிதி கழித்திருந்தார்கள். ஊழியரிடமிருந்து 8 சதவீதம், நிறுவனம் 12 சதவீதம், அதோடு நம்பிக்கை நிதிக்கு நிறுவனம் 3 சதவீதம். பயிற்சி நாட்கள் யூன் 27, 28. வியாழனும் வெள்ளியும்.

சம்பளம் கொடுத்து, சேமலாப நிதியும் கட்டியான பிறகு அந்த இரண்டு நாளும் வேலை இல்லை என்று சொல்ல முடியாது. நியமனக் கடிதத்தில் என்ன திகதி இருந்தாலும் வேலை தொடங்கியது 2024 யூன் 27. அது இரண்டாம் காலாண்டு. ஆகவே 2025க்கு உரித்து 10 நாள். விகிதாசாரக்காரர்கள் யூன் 27ஐ வைத்துப் போட்டாலும் ஏழும் சொச்சமும்தான் வரும். படிக்கட்டுப்படி போட்டால்தான் பத்து.

தலைமையகத்தில் சம்பளப் பிரிவில் இருந்தவர் இதைக் கேட்டு ஒரு நாள் எடுத்துக்கொண்டார். மறுநாள் திகதியைத் திருத்தி அனுப்பினார். வாதாடவில்லை. சேமலாப நிதிப் பதிவு அவர்களுடைய கோப்பிலேயே இருந்தது.

புதிய ஊழியரின் லீவுக் கணக்கை எடுக்கும் எவருக்கும் நான் சொல்வது, காலாண்டு முனையில் சேர்ந்தவராக இருந்தால் கடிதத்தோடு நிற்காதீர்கள். முதல் சம்பளச் சீட்டையும் பாருங்கள். ஜனவரி நடுவிலோ மே நடுவிலோ சேர்ந்தவருக்கு இந்தத் தேடல் தேவையில்லை. இரண்டு நாள் அங்கே இங்கே போனாலும் படி மாறாது.

தீபாவளியும் ஒரு நாள் சம்பளமும்

திகதி மாறியதும் இன்னொரு பழைய கதையும் திறந்தது. முதல் வருடத்தில் வருடாந்த லீவு இல்லாவிட்டாலும் கெஷுவல் உண்டு. முடிந்த ஒவ்வொரு இரண்டு மாதத்துக்கும் ஒரு நாள். யூன் 27இல் தொடங்கினாலும் யூலை 1இல் தொடங்கினாலும் 2024க்குள் மூன்று நாள்தான் வரும். மொத்தம் ஒன்றுதான் என்பதால் நான் முதலில் இதைத் தாண்டிப் போய்விட்டேன். பிறகு சம்பளச் சீட்டுகளைப் புரட்டும்போது 2024 ஒக்டோபரில் ஒரு நாள் ‘நோ பே’ கண்ணில் பட்டது.

அது ஒக்டோபர் 31, தீபாவளி. இலங்கையில் தீபாவளி அரசாங்கத்துக்கும் வங்கிக்கும் விடுமுறை, கடைகளைப் போன்ற வர்த்தக இடங்களுக்கு அல்ல. தைப்பொங்கல் இரண்டிலும் உண்டு. கொழும்பில் இருந்து பார்த்தால் இது சின்ன வித்தியாசம். கிளிநொச்சியில் தீபாவளிக்குக் கடை திறந்து வைத்து யாருக்குப் பம்பி விற்பது? ஆனாலும் திறந்துதான் இருந்தது. வராதவர்கள் லீவு எழுத வேண்டும்.

தம்பி செப்டெம்பரில் காய்ச்சலுக்கு ஒரு நாள் கெஷுவல் எடுத்திருந்தார். யூலை 1 கணக்கின்படி இரண்டாவது இரண்டு மாதம் ஒக்டோபர் 31 முடியும்போதுதான் நிறையும். ஆகவே அன்று காலையில் கையில் லீவு இல்லை, நோ பே. யூன் 27 கணக்கின்படி அது ஒக்டோபர் 26 அன்றே நிறைந்துவிட்டது. தீபாவளிக்கு அவரிடம் சம்பளத்தோடு ஒரு நாள் இருந்தது. மொத்தத்தைப் பார்த்தால் தெரியாத பிழை, எந்த நாளில் எது கையில் இருந்தது என்று பார்த்தால்தான் தெரிந்தது.

அந்த ஒரு நாள் சம்பளத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். கொடுக்கும்போது அதற்குரிய சேமலாப நிதியையும் நம்பிக்கை நிதியையும் சேர்த்துக் கட்டச் சொன்னேன். நோ பே போட்ட மாதத்தில் அவையும் குறைந்திருக்கும், அதை மறந்துவிடுகிறவர்கள் அதிகம்.

2025 கணக்கு

வருடாந்த லீவு உரித்து 10. எடுத்தது ஒரேயொரு தடவை, ஓகஸ்டில் தங்கச்சியின் கலியாணத்துக்கு. வியாழன் 21 முதல் செவ்வாய் 26 வரை. முகாமையாளர் ஆறு நாள் என்று எழுதியிருந்தார். வேலை நாளாக எண்ணினால் வியாழன் ஒன்று, வெள்ளி ஒன்று, சனி அரை, ஞாயிறு இல்லை, திங்கள் ஒன்று, செவ்வாய் ஒன்று. நாலரை. பத்தில் நாலரை போக ஐந்தரை. தலைமையகத்தின் ஒரு நாள் என்பது ஏழில் ஆறைக் கழித்தது. உரித்தில் மூன்றும் எண்ணிக்கையில் ஒன்றரையுமாக நாலரை நாள் இரண்டு பிழைகளில் கரைந்திருந்தது.

கெஷுவல் உரித்து 7. மார்ச்சில் அப்பம்மாவுக்கு இரண்டு, வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்குத் திங்கட்கிழமை ஒன்று, ஒக்டோபர் 20 தீபாவளிக்கு ஒன்று. நான்கு போக மூன்று மிச்சம். தம்பியின் எட்டரை இப்படித்தான் வந்தது. சேர்ந்தது யூன் 27 என்பதைச் சரியாக எண்ணி, சட்டப் படியைச் சிநேகிதன் ஒருவனிடம் கேட்டு, ஐந்தரையைச் சரியாகக் கண்டுபிடித்து, அதோடு இந்த மூன்றைக் கூட்டியிருக்கிறார். தலைமையகத்தை விட அவர் கணக்கு உண்மைக்குக் கிட்ட. ஆனால் கெஷுவல் டிசம்பர் 31 இரவோடு போய்விடும், கொண்டுபோக முடியாது.

இங்கே ஒரு கேள்வி வந்தது. மார்ச்சில் எடுத்த இரண்டு நாளை முகாமையாளர் பிழையாகக் கெஷுவலில் போட வைத்தார். அதைத் திருத்தி வருடாந்த லீவுக்கு மாற்றவா? முகாமையாளர் மாற்றத் தயாராக இருந்தார், மனம் வருந்தியும் இருந்தார். நான் வேண்டாம் என்றேன். மாற்றினால் வருடாந்த மிச்சம் ஐந்தரையிலிருந்து மூன்றரை ஆகும், கெஷுவல் மிச்சம் மூன்றிலிருந்து ஐந்தாகும். முதலாவது அடுத்த வருடத்துக்குப் போகும், இரண்டாவது இரண்டு கிழமையில் அழியும். நீதி செய்வதாக நினைத்துத் திருத்தினால் தம்பிக்கு இரண்டு நாள் நட்டம். அவரிடமே விளக்கிக் கேட்டோம், அப்படியே விடச் சொன்னார்.

இன்னொரு சின்ன விஷயம். நவம்பர் கடைசியில் டித்வாப் புயலோடு வந்த வெள்ளத்தில் கிளை பூட்டியிருந்தது. வரவுப் புத்தகத்தில் அந்த நாட்களில் எல்லோருக்கும் ‘வரவில்லை’ என்று இருந்தது. நிறுவனம் தானாகப் பூட்டிய நாளை ஊழியரின் லீவில் கழிக்கக் கூடாது என்று தலைமையகம் எழுத்தில் சொன்னதால் ‘கிளை பூட்டு’ என்று திருத்தினோம். அது இல்லாவிட்டால் வருட முடிவில் யாராவது அந்த வெற்றிடங்களைக் கெஷுவலால் நிரப்பியிருப்பார்கள்.

இனிக் கொண்டுசெல்லல். மிச்சம் ஐந்தரை. வரம்பு ஐந்து, அல்லது உரித்தில் பாதி, எது குறைவோ அது. பத்தில் பாதியும் ஐந்துதான். ஆக ஐந்து போகும், அரை நாள் அழியும். சேர்ந்த திகதி யூலை 1 ஆகவே இருந்திருந்தால் பாதி மூன்றரை, அதுதான் அவருடைய வரம்பாக நின்றிருக்கும்.

அந்த அரை நாளை விட மனமில்லை. டிசம்பர் 27 சனிக்கிழமை, அரை நாள் வேலை. அன்று லீவு போடச் சொன்னேன். போட்டார். 31ஆம் திகதி மிச்சம் சரியாக ஐந்து.

கிளையின் விரிதாளில் அடுத்த தடவைக்கு மூன்று சூத்திரம் போட்டுக் கொடுத்தேன். B2 வேலை தொடங்கிய திகதி, E2 வருடாந்த உரித்து, F2 எடுத்த நாள். முதலாவது இரண்டாம் வருட உரித்து, அடுத்தது முதல் வருடக் கெஷுவல், மூன்றாவது கொண்டுசெல்லும் நாள்.

```
=IF(MONTH(B2)<=3,14,IF(MONTH(B2)<=6,10,IF(MONTH(B2)<=9,7,4)))
=INT(DATEDIF(B2,DATE(YEAR(B2)+1,1,1),"M")/2)
=MIN(E2-F2,5,E2/2)
```

இரண்டாவதில் டிசம்பர் 31க்குப் பதில் அடுத்த ஜனவரி 1 ஏன் என்று முகாமையாளர் கேட்டார். `DATEDIF` கடைசி நாளைச் சேர்த்து எண்ணாது. டிசம்பர் 31 போட்டால் யூலை 1இல் சேர்ந்தவருக்கு ஐந்து மாதம்தான் காட்டும், ஒரு கெஷுவல் குறைந்துபோகும். அதேபோல் இந்தச் சூத்திரம் வருட முடிவு மொத்தத்தைத்தான் தரும். தீபாவளி போன்ற ஒரு நாளில் கையில் என்ன இருந்தது என்று பார்க்க, அந்த நாளின் திகதியைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

எதை முதலில் கழிப்பது?

கொண்டுபோன ஐந்து நாளையும் மார்ச் 31க்குள் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ‘லாப்ஸ்’ என்று கொள்கை சொல்கிறது. தமிழ்ப் பிரதி அதைச் ‘செல்லுபடியற்றதாகும்’ என்றது. விண்ணப்பம் செல்லாது என்று சிலர் அதை வாசித்தார்கள். ‘அந்த நாட்கள் இல்லாமற்போகும், பதிலாகப் பணம் தரப்படாது’ என்று நான் எழுதினேன். பணம் இல்லை என்பது ஆங்கிலத்தில் வேறு பந்தியில் இருந்தது. இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் கேள்வி குறையும்.

ஆனால் ஆங்கிலத்திலேயே இல்லாத ஒன்று இருந்தது. 2026இல் தம்பிக்குப் புதிதாக 14 நாள். பழையது 5. பெப்ரவரியில் ஐந்து நாள் எடுத்தால் எந்தக் கணக்கிலிருந்து கழிப்பது? பழையதிலிருந்து கழித்தால் ஏப்ரலில் கையில் 14. புதியதிலிருந்து கழித்தால் மார்ச் 31இல் பழைய ஐந்தும் அழிந்து, கையில் 9. கொண்டுசெல்லும் உரிமை தாளில் இருந்தும் கையில் எதுவும் வராது. தலைமையகத்தின் மென்பொருள் என்ன செய்கிறது என்று கேட்டேன். அது எல்லாவற்றையும் ஒரே தொகையாக 19 என்று வைத்து, ஏப்ரல் 1இல் ஐந்தைக் கண்ணை மூடிக்கொண்டு கழிக்குமாம். அதாவது ஒவ்வொரு வருடமும் முதல் காலாண்டில் லீவு எடுத்த எல்லோருக்கும் அது நடந்திருக்கிறது.

மொழிபெயர்ப்பவர் மூலத்தில் இல்லாததைச் சேர்க்கக் கூடாது. ஆகவே தமிழில் நானாக எதையும் எழுதவில்லை. இடைவெளியைக் குறித்து அனுப்பி, முதலில் ஆங்கிலத்தில் சேர்க்கச் சொன்னேன். ஜனவரி நடுவில் ஒரு வரி வந்தது: மார்ச் 31 வரை எடுக்கும் லீவு முதலில் கொண்டுவந்த நாட்களிலிருந்து கழிக்கப்படும். அதைத் தமிழாக்கினேன். மென்பொருளைத் திருத்த நாளாகும் என்றார்கள், அதனால் கிளைப் பதிவேட்டில் ‘கொண்டுவந்தது’, ‘இந்த வருடம்’ என்று இரண்டு நிரல் கீறிக் கொடுத்தேன்.

தம்பிக்கு அந்த ஐந்து நாளும் எதற்குத் தேவைப்பட்டது என்பதை டிசம்பரிலேயே சொல்லியிருந்தார். இரணைமடுவுக்குக் கீழே அவர்களுக்கு வயல். வெள்ளத்துக்குத் தப்பிய துண்டில் காலபோக அறுவடை. பெப்ரவரி 9 திங்கள் முதல் 13 வெள்ளி வரை போட்டார். இந்த முறை முகாமையாளர் விரலை மடக்கி எண்ணி ஐந்து என்று எழுதி, ‘கொண்டுவந்தது’ நிரலில் கழித்தார். மிச்சம் பூச்சியம். பக்கத்து நிரலில் 14 தொடாமல் இருந்தது.

இந்தக் கணக்கு கடைப்பக்கத்துக்கு மட்டும்தான். பின்வளவுப் பட்டறையில் நிற்பவர்களுக்குச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் பொருந்தக்கூடும். அங்கே வருடாந்த லீவு வருடத்தில் வேலை செய்த நாட்களின் எண்ணிக்கையைப் பார்த்து வரும், காலாண்டுப் படிக்கட்டு இல்லை. என் விரிதாளைப் பட்டறைக்கும் இழுத்துப் போட வேண்டாம் என்று முகாமையாளரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். போன கிழமை பட்டறையிலிருந்து ஒருவர் கூப்பிட்டார், விடுப்பைப் பற்றிக் கேட்டுச் சிரித்தவர்தான். தன்னுடைய கணக்கையும் ஒருக்காப் பார்க்கட்டாம். 2024, 2025 வரவுப் புத்தகங்கள் இரண்டையும் எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன்.